கடைக்கம்பத்து ஓம்: மின்மாற்றியின் வழியே மின்னெதிர்ப்பு பெயர்வதும் பிணைந்த சுருள்களின் கணக்கும் (மகாராஜபுரம் பம்புசெட்டுகளை முன்வைத்து)

1. எடுத்துக்கொண்ட சிக்கல்

வத்திராயிருப்பிலிருந்து தாணிப்பாறை அடிவாரம் நோக்கிப் போகிற வழியில் மகாராஜபுரம் இருக்கிறது. மேற்கே சதுரகிரி மலை, சுற்றிலும் தென்னந்தோப்பு, தோப்புக்குத் தோப்பு கிணறு. இந்த மாதிரி ஊர்களில் கோடையில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும்: "கடைசிக் கம்பத்துல கரண்டே இல்ல அண்ணாச்சி, மோட்டார் உறுமுது, சுத்த மாட்டேங்குது. பெரிய டிரான்ஸ்பார்மரா மாத்துனா சரியாப் போகும்."

மோட்டார் உறுமுவது உண்மை. பெரிய டிரான்ஸ்பார்மர் அதைச் சரிசெய்யுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மின்மாற்றியின் ஒரு பக்கத்தில் உள்ள மின்னெதிர்ப்பு, அதாவது பாலிடெக்னிக் பிள்ளைகள் சொல்லும் இம்பீடன்ஸ், மறுபக்கத்திலிருந்து பார்த்தால் எத்தனை ஓமாகத் தெரியும் என்று கணக்கிட்டால் விடை கிடைத்துவிடும். முதலில் இலட்சிய மின்மாற்றியை வைத்துக் கணக்கிடுகிறேன். அது எங்கே பொய் சொல்கிறது என்பதைப் பிணைந்த சுருள்களின் சமன்பாட்டைக் கொண்டு பிறகு பார்க்கலாம்.

கீழே வரும் கம்பி நீளமும் மின்தடையும் ஒரு குறிப்பிட்ட லைனை அளந்து எடுத்தவை அல்ல. இப்பகுதிப் பம்புசெட் லைன்களுக்குப் பொருந்தும்படி கணக்குக்காக வைத்துக்கொண்டவை. தமிழ்நாட்டில் 11 கிலோவோல்ட் லைனும் உண்டு, 22 கிலோவோல்ட் லைனும் உண்டு. நான் 11 கிலோவோல்ட்டை எடுத்துக்கொள்கிறேன்.

2. இலட்சிய மின்மாற்றி: வர்க்கம் எங்கிருந்து வருகிறது

இலட்சிய மின்மாற்றி என்பது இழப்பே இல்லாத, காந்தப்பாயம் முழுவதும் இரு சுருள்களையும் ஒருசேரத் துளைக்கிற கற்பனைப் பொருள். சுற்றுகளின் விகிதம் a என்றால், உயர் அழுத்தப் பக்கத்தின் மின்னழுத்தம் தாழ் அழுத்தப் பக்கத்தைப்போல a மடங்கு. மின்னோட்டமோ நேர்மாறாக a-இல் ஒரு பங்கு. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால்தான் ஓம் வரும். ஆகவே ஓம் கணக்கில் விகிதம் இரண்டு முறை புகுந்துவிடுகிறது:

V1 = a·V2, I1 = I2/a

Z1 = V1/I1 = a²·Z2

இதில் மந்திரம் எதுவும் இல்லை. தாழ் அழுத்தப் பக்கத்தில் சுமை மின்னோட்டம் ஓடியதும் அது உள்ளகத்தில் எதிர்ப்பாயத்தைக் கிளப்புகிறது. பாயம் குறைந்தால் முதன்மைச் சுருளில் எழும் எதிர் மின்னழுத்தமும் குறையும். அந்த இடைவெளியில் லைனிலிருந்து மின்னோட்டம் உள்ளே பாய்ந்து பாயத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். இப்படிப் பாய்கிற மின்னோட்டம்தான் லைனுக்குத் தெரிகிற "சுமை". மறுபக்கத்தில் இருப்பது மோட்டாரா விளக்கா என்பது லைனுக்குத் தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் a² மடங்கான ஓர் ஓம் கணக்குத்தான்.

இதே சமன்பாட்டை மோட்டாரின் பக்கம் நின்று படித்தால் Z2 = Z1/a². உயர் அழுத்த லைனின் ஓம் முழுவதும் a² ஆல் வகுபட்டு மோட்டாருக்குத் தெரிகிறது. நம் சிக்கலுக்கு வேண்டியது இந்த இரண்டாவது வாசிப்பு.

3. டெல்டா–ஸ்டாரில் ஒரு வழுக்கல்

பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் தரும் மின்மாற்றி 11,000/433 வோல்ட். உயர் அழுத்தச் சுருள்கள் டெல்டாவிலும் தாழ் அழுத்தச் சுருள்கள் ஸ்டாரிலும் இணைந்திருக்கும். தாழ் பக்கத்தில் ஒரு சுருளின் மீது 433 வோல்ட் இல்லை, 250 வோல்ட்தான். எனவே உண்மையான சுற்று விகிதம் 11,000/250, அதாவது 44.

இந்த 44-ஐ வர்க்கப்படுத்தினால் 1936. கணக்குப் போடுகிறவர்கள் அடிக்கடி வழுக்குவது இந்த இடத்தில்தான். 1936 என்பது டெல்டாவுக்குள் இருக்கும் ஒரு சுருளின் மின்னெதிர்ப்பைப் பெயர்ப்பதற்கான எண். லைன் கம்பியோ டெல்டாவுக்கு வெளியே ஸ்டார் போல நிற்கிறது. டெல்டாவின் ஓம் ஸ்டாருக்கு மாறும்போது மூன்றால் வகுபடும். 1936-ஐ மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ 645. லைன் மின்னழுத்தங்களின் விகிதமான 11,000/433 = 25.4-ஐ நேரே வர்க்கப்படுத்தினாலும் அதே 645 வருகிறது. இரு வழியிலும் ஒரே எண் வந்தால் சரி. வராவிட்டால் எங்கோ ஒரு மூன்று தவறியிருக்கிறது.

4. பத்து கிலோமீட்டர் எதிர் பதினொரு மீட்டர்

துணைமின் நிலையத்திலிருந்து நம் மின்மாற்றி வரை 11 கிலோவோல்ட் லைன் 10 கிலோமீட்டர் என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு 1 ஓம் மின்தடை, 0.4 ஓம் மின்மறுப்பு. மொத்தம் 10 + j4 ஓம். இதை 645-ஆல் வகுத்தால் மோட்டார் பக்கத்தில் 0.0155 + j0.0062 ஓம்.

மின்மாற்றி 100 கேவிஏ, அதன் பெயர்ப்பலகையில் மின்னெதிர்ப்பு 4.5 விழுக்காடு. 433-ஐ வர்க்கப்படுத்தி 1,00,000-ஆல் வகுத்தால் வருவது 1.875 ஓம். இதுவே அடிப்படை. அதில் 4.5 விழுக்காடு 0.084 ஓம். தாமிர இழப்பு 1.8 விழுக்காடு என்று கொண்டால், இது 0.034 + j0.077 ஓமாகப் பிரியும்.

மின்மாற்றியிலிருந்து தோப்பு வழியாகக் கடைசிக் கிணறு வரை தாழ் அழுத்த லைன் 800 மீட்டர். கம்பி மெல்லியது, கிலோமீட்டருக்கு 1.4 + j0.35 ஓம். இது ஏற்கெனவே மோட்டார் பக்கத்தில் இருப்பதால் எதனாலும் வகுபடாது. மொத்தம் 1.12 + j0.28 ஓம்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 0.0155 ஓம், 0.034 ஓம், 1.12 ஓம். பத்து கிலோமீட்டர் உயர் அழுத்த லைன் மோட்டாருக்குத் தருகிற மின்தடையை, தோப்புக்குள் போகும் மெல்லிய கம்பி 11 மீட்டரிலேயே தந்துவிடுகிறது. நான் இந்தக் கணக்கை முதன்முதலாகப் போட்டபோது தசமப்புள்ளி தவறிவிட்டதோ என்று மறுபடி போட்டுப் பார்த்தேன்.

கடைசிக் கிணற்றில் 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று. ஓடும்போது 7.5 ஆம்பியர் எடுக்கும். நேரடி ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்தும் நொடியில் முழு மின்னழுத்தம் கிடைத்தால் அதைப்போல ஆறு மடங்கு, 45 ஆம்பியர் இழுக்கும். சுழலாமல் நிற்கும் மோட்டாரை 5.32 ஓம் மின்னெதிர்ப்பாகவே கொள்ளலாம். தொடக்கத் திறன் காரணி 0.6 என்றால் அது 3.19 + j4.26 ஓம். லைன், மின்மாற்றி, கம்பி, மோட்டார் நான்கையும் கூட்டினால் 4.36 + j4.62, அளவில் 6.35 ஓம். 250 வோல்ட்டை இதனால் வகுத்தால் 39 ஆம்பியர். மோட்டாரின் முனையில் நிற்பது 209 வோல்ட், லைன் கணக்கில் 362 வோல்ட்.

தொடக்கத் திருப்புவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 415-க்குப் பதில் 362 என்றால் முக்கால் பங்கு கிடைக்கும். மோட்டார் முனகிக்கொண்டாவது கிளம்பிவிடும். ஆனால் மும்முனை மின்சாரம் வந்ததும் தோப்புக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில்தான் பம்பைப் போடுகிறார்கள். கடைக்கோடியில் ஏற்கெனவே ஐந்து மோட்டார்கள் ஓடினால் 37.5 ஆம்பியர் அதே கம்பியில் போய்க்கொண்டிருக்கும். அதற்கே முனைக்கு 43 வோல்ட் விழுந்துவிடும். ஆறாவது மோட்டாரைப் போடுகிறவருக்குக் கிடைப்பது 300-க்குப் பக்கத்தில். திருப்புவிசை பாதிதான். உறுமல் இதுதான். ஸ்டார்ட்டரின் நோ-வோல்ட் காயில் பிடிக்காமல் டக் டக்கென்று அடிப்பதும் இதனால்தான்.

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். 100 கேவிஏவை எடுத்துவிட்டு 200 கேவிஏ வைத்தால் குறைவது மின்மாற்றியின் 0.034 + j0.077-இல் பாதி மட்டும். 1.12 ஓம் அப்படியே இருக்கும். மின்மாற்றி சுமை தாங்காமல் சூடேறினால் பெரிதாக்குவது நியாயம். கடைக்கம்பத்து மின்னழுத்தக் குறைவுக்கு அது மருந்தல்ல.

5. ஓமை வகுபடும் பக்கத்துக்குத் தள்ளுதல்

மருந்து, 800 மீட்டரை a²-க்கு அந்தப் பக்கம் தள்ளுவது. தோப்பு வழியாக 11 கிலோவோல்ட் லைனையே கிணறு வரை இழுத்து, அங்கே சின்ன மின்மாற்றி ஒன்றைக் கம்பத்தில் ஏற்றுவது. உயர் அழுத்தப் பகிர்மான முறை என்று மின்துறையில் சொல்வது இதைத்தான். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் விவசாய லைன்களில் இம்முறையைப் பல இடங்களில் செயல்படுத்தியிருக்கிறார்கள்.

அதே 1.12 ஓம் கம்பி இப்போது 645-ஆல் வகுபட்டு 0.0017 ஓம் ஆகிறது, இல்லையென்றே சொல்லலாம். 25 கேவிஏ மின்மாற்றியின் அடிப்படை ஓம் 7.5. அதில் 4.5 விழுக்காடு 0.34 ஓம். தாமிர இழப்பு 2.7 விழுக்காடு என்றால் 0.20 + j0.27 ஓமாகப் பிரியும். இது 100 கேவிஏ மின்மாற்றியின் மின்னெதிர்ப்பைப்போல நான்கு மடங்கு. ஆனாலும் எல்லாம் சேர்ந்து மோட்டாருக்கு முன்னால் நிற்பது 0.22 + j0.28 ஓம் மட்டுமே. அதே மோட்டாரைக் கிளப்பினால் முனையில் 406 வோல்ட். மூன்று மோட்டார்கள் ஓடும்போது நான்காவதைப் போட்டாலும் 390-க்கு மேல்.

பெரிய மின்மாற்றி தராத மின்னழுத்தத்தைச் சின்ன மின்மாற்றி தந்துவிடுகிறது. கேட்டால் நம்பச் சிரமம், கணக்கு இப்படித்தான். அதற்கு விலையும் உண்டு. 25 கேவிஏவின் முழுச்சுமை 33 ஆம்பியர், நான்கு மோட்டார்களுக்கு மேல் கட்டாது. தோப்புக்குள் 11 கிலோவோல்ட் வந்துவிட்டால் தென்னை மட்டை விழும் ஒவ்வொரு முறையும் கவலை. மின்மாற்றிகளின் எண்ணிக்கை கூடுவதால் சுமையில்லா இழப்பும் கூடுகிறது. அந்த இழப்பு எங்கிருந்து வருகிறது என்பதை இலட்சிய மின்மாற்றியால் சொல்ல முடியாது.

6. பிணைந்த சுருள்கள்: கற்பனையை உண்மையோடு ஒப்பிடல்

உண்மையில் இருப்பவை இரண்டு சுருள்கள். ஒவ்வொன்றுக்கும் தன் மின்தூண்டல் எண் உண்டு: L1, L2. ஒன்றின் மாறும் மின்னோட்டம் மற்றொன்றில் மின்னழுத்தத்தை எழுப்புகிறது, அதன் அளவு பரிமாற்று மின்தூண்டல் எண் M. இரண்டாம் சுருளில் Z என்ற சுமையை இணைத்தால்:

V1 = jωL1·I1 − jωM·I2

0 = −jωM·I1 + (Z + jωL2)·I2

இரண்டாவதிலிருந்து I2-ஐ எடுத்து முதலாவதில் இட்டால் முதன்மைப் பக்கம் தெரிகிற மின்னெதிர்ப்பு:

Zin = jωL1 + (ωM)²/(Z + jωL2)

இரண்டாவது உறுப்புதான் பெயர்ந்து வந்த மின்னெதிர்ப்பு. இதில் Z பகுதியில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டாம் பக்கம் தூண்டல் தன்மையோடு இருந்தால் இங்கே அது மின்தேக்கியின் குறியோடு வந்து L1-ஐக் குறைக்கிறது. இலட்சிய மின்மாற்றியில் தூண்டல் தூண்டலாகவே பெயர்ந்ததே, இங்கே ஏன் தலைகீழ் என்று மாணவர்கள் குழம்புவதுண்டு. முரண் ஏதும் இல்லை. jωL1-ஐயும் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் தீரும். பிணைப்பு முழுமையாக இருந்தால் M² = L1·L2. அப்போது சமன்பாடு இப்படிச் சுருங்கும்:

Zin = jωL1·Z/(Z + jωL2)

இது jωL1-உம் (L1/L2)Z-உம் பக்க இணைப்பில் நிற்பதற்குச் சமம். L1/L2 என்பது சுற்று விகிதத்தின் வர்க்கம், நமது a². எனவே முழுப் பிணைப்பு இருந்தாலும் கிடைப்பது இலட்சிய மின்மாற்றியும் அதன் குறுக்கே ஒரு தூண்டியும். jωL1 மிகப் பெரிதாக இருந்தால் மட்டும் அதை மறந்துவிட்டு a²Z என்று எழுதலாம். எல்லா மோட்டார்களும் நின்ற பிறகும் கம்பத்து மின்மாற்றி ம்ம்ம் என்று ஒலிப்பது இந்தக் குறுக்குத் தூண்டியின் மின்னோட்டத்தால். இதோடு இரும்பு உள்ளகத்தின் இழப்பும் சேர்ந்து இரவு பகலாக ஓடுகிறது.

இனி இரண்டாம் பக்கத்தைக் குறுக்கே இணைத்து Z = 0 ஆக்குங்கள். இலட்சியக் கணக்குப்படி Zin-உம் சுழியாக வேண்டும். உண்மையில் வருவது:

Zin = jωL1·(1 − k²), k = M/√(L1·L2)

பெயர்ப்பலகையின் 4.5 விழுக்காடு பெரும்பாலும் இதுதான். காந்தமாக்கும் மின்னோட்டம் முழுச்சுமையில் 2 விழுக்காடு என்று கொண்டால், திறந்த நிலையின் மின்மறுப்பு அடிப்படை ஓமைப்போல 50 மடங்கு. குறுக்கிணைத்த நிலையில் 0.041 மடங்கு. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1 − k² = 0.0008, k = 0.9996. பத்தாயிரத்தில் நான்கு பங்கு விலகிய இந்தப் பிணைப்புதான் நான்காம் பகுதியில் நாம் கூட்டிய j0.077 ஓம்.

இந்தச் சிறு விலகல் இல்லாமல் இருப்பது நல்லது என்று நினைக்க வேண்டாம். மின்மாற்றியின் முனையிலேயே கம்பிகள் உரசினால் 4.5 விழுக்காடு மின்னெதிர்ப்பு மின்னோட்டத்தை முழுச்சுமையின் 22 மடங்கில், சுமார் 3,000 ஆம்பியரில் நிறுத்துகிறது. k ஒன்றாகவே இருந்தால் கட்டுப்படுத்த மிஞ்சுவது சுருள்களின் சிறு மின்தடையும் மேலே உள்ள லைனும்தான்.

இதன் மறுபக்கம் இன்னும் கவலைக்குரியது. அதே மும்முனைக் குறுக்கிணைப்பு 800 மீட்டர் தள்ளிக் கடைக்கம்பத்தில் நேர்ந்தால் வெறும் 204 ஆம்பியர். மின்மாற்றியின் முழுச்சுமையோ 133 ஆம்பியர். ஒரு முனையும் நியூட்ரலும் மட்டும் உரசினால் 204-உம் வராது. முழுச்சுமைக்கு ஏற்ப மின்மாற்றியடியில் போட்ட பியூஸ் இதை ஒரு கனமான சுமை என்றே எடுத்துக்கொண்டு வெகுநேரம் உருகாமல் நிற்கும். மின்னழுத்தத்தைக் குறைக்கிற அதே 1.12 ஓம் பாதுகாப்பையும் குறைக்கிறது.

7. புள்ளிக்குறி: ராஜபாளையத்துக் காயில் கடை

M-க்குக் குறி உண்டு. சுற்று வரைபடத்தில் சுருளின் ஒரு முனையில் இடும் புள்ளி அதைத்தான் சொல்கிறது: இரு சுருள்களிலும் புள்ளியிட்ட முனைவழி மின்னோட்டம் நுழைந்தால் பாயங்கள் கூடும். தாளில் இது ஒரு புள்ளி. காயில் கட்டும் கடையில் இது தெரியாமல் போனால் புகைதான்.

மில்கள் நிறைந்த ராஜபாளையம் போன்ற ஊரில் மோட்டாரும் மின்மாற்றியும் காயில் கட்டும் கடைக்குக் குறைவில்லை. அப்படி ஒரு கடைக்கு, 115 வோல்ட் சுருள்கள் இரண்டைத் தொடரில் இணைத்து 230 வோல்ட்டில் ஓட்டும் ஒற்றைமுனை மின்மாற்றி வருகிறது என்று கொள்வோம். நான்கு முனைகளிலும் அடையாளம் அழிந்துவிட்டது. ஒவ்வொரு சுருளும் 1 ஹென்றி, k = 0.99. சரியாக இணைத்தால் மொத்தம் L1 + L2 + 2M, அதாவது 3.98 ஹென்றி. மாறி இணைத்தால் L1 + L2 − 2M, அதாவது 0.02 ஹென்றி. 50 ஹெர்ட்ஸில் முதலாவது 1,250 ஓம், இரண்டாவது 6 ஓம். ஒரே கம்பி, ஒரே இரும்பு. ஒரு முனை மாறியதும் இருநூறு மடங்கு வேறுபாடு.

அனுபவமுள்ளவர் நேரே 230 வோல்ட்டில் செருக மாட்டார். 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்டுப் பார்ப்பார். இழை மட்டும் சிவந்து மங்கலாக எரிந்தால் இணைப்பு சரி. பல்பு பளிச்சென்று எரிந்தால் இரண்டு முனைகளை மாற்றிவிடுவார். இரண்டு இணைப்பிலும் தூண்டல் எண்ணை அளக்கும் மீட்டர் கையில் இருந்தால் M-ஐயே எடுத்துவிடலாம். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து நான்கால் வகுக்க வேண்டியதுதான். நம் எடுத்துக்காட்டில் (3.98 − 0.02)/4 = 0.99 ஹென்றி. k ஒன்றுக்கு மிக அருகில் இருக்கும்போது M இம்முறையில் நன்றாக வரும். சிறிய 0.02 ஹென்றியை மட்டும் நம்பிக் கசிவைக் கணக்கிட்டால் மீட்டரின் பிழையே அதை விழுங்கிவிடும். கசிவுக்குக் குறுக்கிணைப்புச் சோதனைதான் சரி.

8. கணக்கின் எல்லை, களத்தில் சோதிக்கும் வழி

நான்காம் பகுதியில் 10 கிலோமீட்டர் லைனை 0.0155 ஓம் என்று ஒதுக்கியது நம் மின்மாற்றியின் மின்னோட்டத்துக்கு மட்டும் பொருந்தும். கடைசி மோட்டாரின் 39 ஆம்பியர், மேலே 11 கிலோவோல்ட் லைனில் 1.5 ஆம்பியர்தான். ஆனால் அதே லைனில் வேறு முப்பது மின்மாற்றிகள் தொங்கினால் அவற்றின் மின்னோட்டமும் அதே 10 ஓமில்தான் ஓடும். அந்தச் சரிவு a²-ஆல் வகுபட்டு மறையாது. 11,000 வோல்ட்டே 10,000 ஆகி மின்மாற்றிக்கு வந்துசேரும், நம்முடைய 250-உம் 227 ஆகும். அப்போது கடைக்கம்பம் மட்டுமல்ல, மின்மாற்றிக்குக் கீழே இருக்கும் முதல் வீடும் மங்கும்.

இரண்டையும் பிரித்தறியக் கருவி பெரிதாக வேண்டாம், வோல்ட் மீட்டர் போதும். ஆனால் மின்மாற்றி முனையில் அளக்கிற வேலை லைன்மேனுக்கு உரியது, தோப்புக்காரர் அங்கே கைவைக்கக் கூடாது. கடைசி மோட்டாரைக் கிளப்பும் நொடியில் மின்மாற்றியடியிலும் கிணற்றடியிலும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். நம் கணக்குப்படி அந்த ஒற்றை மோட்டாருக்கு மின்மாற்றியடியில் 427, கிணற்றடியில் 362. வேறுபாடு இப்படி அகன்றிருந்தால் ஓம் தோப்புக் கம்பியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே விழுந்து கிடந்தால் சிக்கல் மேலே இருக்கிறது.

பெரிய டிரான்ஸ்பார்மர் கேட்டு மனு எழுத உட்காருகிறவர்கள், எழுதும் முன் இந்த இரண்டு எண்களையும் லைன்மேனிடம் கேட்டு வாங்கி மனுவிலேயே குறித்துவிடுங்கள்.